லிஃப்ட் ஏ.எம்.சி.: ரத்து கடிதத்துக்கு முன்னால் 30 நாள் நோட்டீஸ் கட்டாயமா?

மூன்றாம்மாடி | 5 ஜனவரி 2026, காலை 10.15

சென்னையில் 56 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்புக்கு நான்தான் இந்த வருடம் செயலாளர். இரண்டு லிஃப்ட். 2024 ஏப்ரலில் ஒரு கம்பெனியோடு மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். மாதம் ஒரு சர்வீஸ், பழுது என்று கூப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். போன ஆறு மாதமாக இரண்டுமே ஒழுங்காக நடக்கவில்லை. டிசம்பர் 6 அன்று கரண்ட் போனபோது பி லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே 71 வயது அம்மா ஒருவர், தனியாக, 50 நிமிடம். கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்க வேண்டிய ஏ.ஆர்.டி. வேலை செய்யவில்லை. அதன் பேட்டரி செத்துப்போனது என்று செப்டம்பரிலேயே அவர்கள் டெக்னீஷியன் எழுதி வைத்திருக்கிறார்.

ஏற்கெனவே மூன்று கடிதம், எண்ணற்ற வாட்ஸ்அப். இனி நேராக ரத்து கடிதம் அனுப்பிவிடலாம் என்பது கமிட்டியின் கருத்து. ஆனால் ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவு, மீறலைக் குறிப்பிட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த 30 நாளில் சரிசெய்யாவிட்டால்தான் முடிக்கலாம் என்கிறது. அந்த மூன்று கடிதங்களையே நோட்டீஸாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். தவறா?

கணக்குப்பிள்ளை | 5 ஜனவரி, காலை 11.02

தவறில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 39-ஆம் பிரிவு பாருங்கள். ஒருவர் தன் வேலையைச் செய்ய மறுத்தால் மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். நோட்டீஸ், அவகாசம் எதுவும் அதில் இல்லை. நேராக ரத்து செய்யுங்கள்.

வேப்பமரம் | 5 ஜனவரி, பகல் 12.40

30 நாள் இல்லை, 15 நாள். எனக்கு ஒருத்தர் கொடுத்த செக் திரும்பி வந்தப்போ வக்கீல் 15 நாள்தான் கொடுத்தார். பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பிடணும், அதை விட்டுட்டா கேஸே போயிடும். சீக்கிரம் பண்ணுங்க.

டெண்டர்தாத்தா | 5 ஜனவரி, மாலை 6.30

வேப்பமரம், நீங்கள் சொல்வது காசோலை வழக்கு. அங்கே நாள் கணக்கைச் சட்டமே வைத்திருக்கிறது. இந்த அம்மாவுடையது ஒப்பந்தம். இங்கே நாள் கணக்கு அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை, நீங்கள் பாதி சொன்னீர்கள். 39 என்பது தன் பங்கை முழுவதுமாகச் செய்ய மறுப்பவருக்கு, அல்லது இனிச் செய்யவே முடியாதபடி ஆக்கிக்கொண்டவருக்கு. இந்தக் கம்பெனி மறுக்கவில்லை. தாமதமாக வருகிறது, சில மாதம் வராமல் இருக்கிறது. "நாங்கள் மறுத்தோமா? இதோ டிசம்பர் சர்வீஸ் ரிப்போர்ட்" என்று ஒரு தாளை நீட்டினால் 39 நிற்காது. பிறகு அவகாசம் கொடுக்காமல் ஒப்பந்தத்தை முறித்தவர்கள் நீங்கள் என்று ஆகிவிடும். மீதி 15 மாதக் கட்டணத்தையும் நஷ்டம் என்று அவர்கள் கேட்கலாம். நான் பொதுத்துறையில் 31 வருடம் ஒப்பந்தப் பிரிவில் இருந்தவன். தரமில்லாத கான்ட்ராக்டரை நியாயமாகவே வெளியேற்றிவிட்டு, ஒரு தாள் குறைந்ததால் அவருக்கே பணம் கட்டியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அம்மா, இரண்டு கேள்வி. அந்த மூன்று கடிதங்களும் யாருக்குப் போயின? அவற்றில் "15-ஆம் பிரிவின்படி" என்ற வார்த்தை இருக்கிறதா?

மூன்றாம்மாடி | 5 ஜனவரி, இரவு 9.10

இப்போதுதான் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் இங்கே உள்ள கிளை மேலாளருக்குப் போயிருக்கின்றன. ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவு, நோட்டீஸ் எல்லாம் கோயம்புத்தூரில் உள்ள பதிவு அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர்டு தபாலில் போக வேண்டும், நகல் மின்னஞ்சலில் போக வேண்டும் என்கிறது. 15-ஆம் பிரிவு எதிலும் இல்லை. மூன்றாவது கடிதத்தின் கடைசி வரி: "இனியாவது தங்கள் சேவை மேம்படும் என நம்புகிறோம்."

காலையில் வைத்த வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவை நோட்டீஸ் இல்லை, புகார்.

டெண்டர்தாத்தா | 5 ஜனவரி, இரவு 9.45

ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸாக அவை நிற்காது, சாட்சியாக நிற்கும். "முதல் முறையாக இப்போதுதான் கேள்விப்படுகிறோம்" என்று அவர்கள் சொல்ல முடியாது. இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி | 7 ஜனவரி, இரவு 10.50

முதல் வரைவு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதால் நோட்டீஸும் ஆங்கிலத்தில்தான் போகப் போகிறது. சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"தங்கள் சேவை கடந்த ஆறு மாதங்களாக மிக மோசமாக உள்ளது. பலமுறை புகார் செய்தும் பலனில்லை. குடியிருப்போரின் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டுள்ளது. 30 நாட்களுக்குள் அனைத்துக் குறைகளையும் சரிசெய்யாவிட்டால் இந்த ஒப்பந்தம் தானாகவே ரத்தாகிவிடும். இது எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி அனுப்பப்படுகிறது."

நூல்மில் | 8 ஜனவரி, காலை 7.20

இதே மாதிரி ஒண்ணு எழுதிட்டுப் போய் நான் உட்கார்ந்திருக்கேன். நமக்கு ஈரோடு பக்கம். 2021-ல ஒருத்தருக்கு நெசவு ஜாப் ஒர்க் கொடுத்தோம். துணி தரமா வரல. "தரம் மிக மோசம், 15 நாளில் சரிசெய்க" ன்னு நோட்டீஸ். ஆர்பிட்ரேட்டர் முன்னாடி எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: எந்த ரோல், எந்த தேதி, என்ன குறை? எங்ககிட்ட 340 ரோல்ல எது கெட்டதுன்னு தனியா எழுதின தாளே இல்லை. எல்லாம் சூப்பர்வைசர் மண்டைக்குள்ள இருந்தது, அவரும் வேலையை விட்டுப் போயிட்டார். சரிசெய்யச் சொன்னா எதைன்னு தெரியணும் இல்லையா, அதைச் சொல்லாம அவகாசம் கொடுத்தது கொடுத்ததே ஆகாதுன்னு வாதம். கடைசியில கான்ட்ராக்டை முடிச்சது மட்டும் தப்பிச்சது. நான் கேட்ட பணம் வரல. அது வேற கதை, அப்புறம் சொல்றேன்.

டெண்டர்தாத்தா | 8 ஜனவரி, மாலை 5.55

நூல்மில் சொன்னதுதான் முதல் ஓட்டை. "மோசம்" என்பது கருத்து. மீறல் என்பது ஒரு பிரிவு, ஒரு தேதி, நடந்திருக்க வேண்டியது, நடந்தது. ஒவ்வொன்றுக்கும் இந்த நான்கும் வேண்டும். இந்த ஊரையே பார்த்திராத ஒருவர் அந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு, நடந்ததா இல்லையா என்று சரிபார்க்க முடிய வேண்டும்.

அடுத்து "தானாகவே ரத்தாகிவிடும்". இதை எடுத்துவிடுங்கள். 31-ஆம் நாள் அவர்கள் பாதி சரிசெய்திருந்தால்? உங்கள் பொதுக்குழு மனம் மாறினால்? அந்த வரி உங்கள் கையையும் சேர்த்துக் கட்டுகிறது. ரத்தானதா இல்லையா என்பதே தனி வழக்காகிவிடும். "முடிக்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு" என்று மட்டும் எழுதுங்கள். முடிப்பது இரண்டாவது கடிதம், வேறு நாள், வேறு தாள்.

மூன்றாவது, "உரிமைகளுக்குப் பாதகமின்றி". வக்கீல் நோட்டீஸ்களில் பழக்கத்தால் தலைப்பிலேயே போடுவார்கள். அது சமரசப் பேச்சுக் கடிதத்துக்கு உரிய வார்த்தை. அப்படித் தலைப்பிட்டுப் பேசியதை நாளைக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். உங்களுக்கு வேண்டியது நேர்மாறு. இந்தத் தாளை நாளைக்கு நீங்களே எடுத்துக் காட்ட வேண்டும். "ஒப்பந்தத்தின்படியும் சட்டப்படியும் உள்ள மற்ற உரிமைகள் எதையும் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை" என்று கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் போதும்.

கணக்குப்பிள்ளை | 8 ஜனவரி, இரவு 8.15

எங்கள் வக்கீல் எல்லா நோட்டீஸிலும் அதைப் போடுவார், ஒன்றும் ஆகவில்லையே.

டெண்டர்தாத்தா | 8 ஜனவரி, இரவு 8.40

பெரும்பாலும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளடக்கத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் எதிராளிக்கு ஒரு வாதத்தை நாமே எதற்குக் கொடுக்க வேண்டும்?

லிஃப்ட்காரன் | 9 ஜனவரி, காலை 6.05

நான் அந்தப் பக்கத்து ஆள். 14 வருஷமா லிஃப்ட் சர்வீஸ், இப்ப சொந்தமா சின்ன கம்பெனி. இந்த மாதிரி நோட்டீஸ் வாங்கியும் இருக்கேன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆகஸ்ட் மாசம் வராத சர்வீஸை ஜனவரில எப்படிங்க சரிசெய்யறது? அந்த மாசம் போயிருச்சு. "அனைத்துக் குறைகளையும்" னு எழுதினா ஒரு ஆளை அனுப்பி எண்ணெய் போட்டுட்டு, ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கிட்டு, சரிசெஞ்சாச்சுன்னு பதில் போடுவோம். எல்லாரும் அதான் பண்றது. என்ன செஞ்சா நீங்க ஒத்துக்குவீங்கன்னு எழுதுங்க. எங்களுக்கும் அதான் நல்லது.

அப்புறம் ஏ.ஆர்.டி. பேட்டரி செத்த லிஃப்டை ஏன் இன்னும் ஓட்டறீங்க?

மூன்றாம்மாடி | 9 ஜனவரி, காலை 9.30

கடைசிக் கேள்வி சுட்டது. ஓட்டியிருக்கக் கூடாது. 30 நாள் அவகாசம் கொடுத்தால் அதுவரை லிஃப்டையும் ஓடவிட வேண்டும் என்று நான் குழப்பிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவகாசம் கம்பெனிக்கு, ஆபத்து குடியிருப்பவர்களுக்கு. லிஃப்ட் உரிமம் எங்கள் பெயரில் இருக்கிறது. நாளை ஏதாவது ஆனால் மின் ஆய்வுத் துறை முதலில் எங்களைத்தான் கூப்பிடும். இன்று காலை பி லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிட்டோம். நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் கம்பெனிக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டோம்.

வாட்ச்மேன் மேசையிலிருந்த லாக் புக்கை எடுத்து உட்கார்ந்தேன். இரவு ஒரு மணி ஆகிவிட்டது. பழுது என்று கூப்பிட்ட நேரம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆள் வந்த நேரம் பாதி இடத்தில் இல்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 11 அழைப்பு. அதில் ஏழுக்கு மட்டும் இரண்டு நேரமும் இருக்கிறது. அந்த ஏழில் ஐந்து, மூன்று மணி நேரத்தைத் தாண்டியவை. மற்ற நான்கும் தாமதம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத முடியாது.

டெண்டர்தாத்தா | 9 ஜனவரி, காலை 11.20

ஐந்தை மட்டும் எழுதுங்கள். ஒன்பது என்று எழுதி நான்கு பொய் என்று அவர்கள் நிரூபித்தால், உண்மையான ஐந்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கம் பாக்கி உண்டா? நோட்டீஸ் போகும் முன் அதைப் பாருங்கள்.

மூன்றாம்மாடி | 10 ஜனவரி, இரவு 11.30

இரண்டாவது வரைவு, மறுபடி சாரம் மட்டும்.

"1-4-2024 தேதியிட்ட ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் கொடுக்கப்படும் மீறல் நோட்டீஸ்.

ஒன்று. 7-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாதமும் இரு லிஃப்டுகளுக்கும் சர்வீஸ் செய்து அறிக்கை தர வேண்டும். 2025 ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் மாதங்களில் சர்வீஸ் நடக்கவில்லை, அறிக்கையும் இல்லை. சரிசெய்தல்: இரு லிஃப்டுகளுக்கும் 7-ஆம் பிரிவின் அட்டவணையில் உள்ள எல்லா அம்சங்களையும் உள்ளடக்கிய முழுச் சர்வீஸ் ஒன்றை அவகாசத்துக்குள் செய்து, கயிறு, பிரேக், கவர்னர் அளவீடுகளுடன் அறிக்கை தருதல்.

இரண்டு. 9-ஆம் பிரிவின்படி அழைப்பு வந்த மூன்று மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். இணைப்பு ஆ-வில் தேதி, நேரத்துடன் காட்டியுள்ள ஐந்து அழைப்புகளில் அவ்வாறு வரவில்லை. சரிசெய்தல்: இந்தக் குடியிருப்புக்குப் பொறுப்பான டெக்னீஷியனின் பெயரையும் 24 மணி நேர எண்ணையும் எழுத்தில் தருதல், அவகாசக் காலத்தில் வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் மூன்று மணி நேரத்துக்குள் வருதல்.

மூன்று. ஏ.ஆர்.டி. பேட்டரியை மாற்றுவது 11-ஆம் பிரிவின்படி கட்டணத்துக்குள் அடங்கியது. 2025 செப்டம்பர் 18 தேதியிட்ட தங்கள் டெக்னீஷியனின் அறிக்கையிலேயே பேட்டரி செயலிழந்ததாக உள்ளது, இன்றுவரை மாற்றப்படவில்லை. சரிசெய்தல்: பேட்டரியை மாற்றி, சங்கப் பிரதிநிதி முன்னிலையில் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்துக் காட்டுதல்.

இந்த நோட்டீஸ் தங்களுக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் மேற்கண்டவை சரிசெய்யப்படாவிட்டால் 15-ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு. தினமும் காலை 9 முதல் மாலை 6 வரை தங்கள் ஆட்கள் வந்து வேலை செய்யலாம். அழைப்புகளுக்கு எந்நேரமும் வரலாம்."

பாக்கியைப் பார்த்தேன். அக்டோபர் காலாண்டுக் கட்டணம் 38,000 ரூபாயை, கோபத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அப்படி நிறுத்த ஒப்பந்தத்தில் எங்களுக்கு இடமில்லை. பொருளாளரோடு இரண்டு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. "வேலை செய்யாதவனுக்கு ஏன் காசு" என்பது அவர் கேள்வி. கட்டாவிட்டால் முதலில் மீறியது நாம் என்று அவர்கள் சொல்ல நாமே வழி வைத்துக்கொடுக்கிறோம் என்பது என் பதில். இன்று மாலை கட்டிவிட்டோம். "இந்தக் கட்டணம் மீறல் குறித்த எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகாது" என்று கடிதமும் கூடவே போயிற்று.

டெண்டர்தாத்தா | 11 ஜனவரி, காலை 7.00

இது நோட்டீஸ். கட்டணத்தோடு அந்தக் கடிதத்தை அனுப்பியதும் சரி. தாமதமாகச் செய்த வேலையை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால் பிறகு அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே சொல்கிறது. வாங்கும் அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசி வாக்கியத்தை, அவர்கள் வரலாம் என்பதை, வாட்ச்மேனுக்கும் சொல்லி வையுங்கள்.

நூல்மில் | 11 ஜனவரி, இரவு 9.00

நான் அன்னைக்குப் பாதியில விட்ட கதை. நோட்டீஸ் கொடுத்த பத்தாவது நாளே வேற தறிக்காரர்கிட்ட வேலையைக் கொடுத்துட்டேன், ஆர்டர் போகணும்ல. மீட்டருக்கு நாலு ரூபா கூட. அந்த வித்தியாசத்தை முதல் ஆள்கிட்ட கேட்டேன். 2018-ல ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்டைத் திருத்தினாங்க இல்லையா, அதுல 20-ஆம் பிரிவு: வேற ஆளை வச்சு வேலையை முடிச்சு அந்தச் செலவை மீறினவர்கிட்ட வாங்கலாம், ஆனா முதல்ல குறைஞ்சது 30 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்திருக்கணும். என் கான்ட்ராக்ட்ல 15 நாள்னு இருந்தது, அதுலயும் நான் பத்து நாள்தான் பொறுத்தேன். அந்தப் பிரிவு வழியா கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. சாதாரண நஷ்டஈடா கேட்கவும் மார்க்கெட் விலைக்கு ஆதாரம் என்கிட்ட இல்லை. மேடம், உங்களுக்கு 30 நாள் இருக்கு. வேற கம்பெனிக்குக் கூட ஆகற செலவைக் கேட்கப் போறீங்கன்னா அதையும் நோட்டீஸ்லயே ஒரு வரி சொல்லிடுங்க.

மூன்றாம்மாடி | 11 ஜனவரி, இரவு 9.40

சேர்த்துவிட்டேன். நன்றி அண்ணா.

மூன்றாம்மாடி | 12 ஜனவரி, மாலை 4.10

அனுப்பியாயிற்று. தபால் நிலையத்தில் ஒரு தடங்கல். ஒப்பந்தம் "ரிஜிஸ்டர்டு தபால்" என்கிறது. போன வருடம் அதை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்டரில் கேட்டு, பதிவு வசதியும் டெலிவரி சான்றும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் போட்டேன். பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று. மின்னஞ்சலில் நகல். கவரின் மேல் முகவரியைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் உள்ள பதிவு முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றுதான்.

கெடு பிப்ரவரி 11 அன்று முடிகிறது. காலண்டரில் குறித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை | 12 ஜனவரி, மாலை 6.20

ஒப்பந்தத்தில் உள்ள தபாலின் பழைய பெயரும் இப்போதுள்ள பெயரும் வேறு என்று கிளப்புவார்கள். கூரியரிலும் ஒன்று அனுப்பியிருக்கலாம்.

டெண்டர்தாத்தா | 12 ஜனவரி, இரவு 7.30

கிளப்பலாம். கையில் கிடைத்ததற்குச் சான்று இருந்தால் எந்த வண்டியில் வந்தது என்ற வாதம் அதிக தூரம் போகாது.

பிப்ரவரி 11 தவறு அம்மா. அனுப்பிய நாளிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் 15-ஆம் பிரிவு "கிடைத்த" என்கிறது.

மூன்றாம்மாடி | 21 ஜனவரி, காலை 8.50

பொங்கல் விடுமுறையில் அலுவலகம் பூட்டியிருந்திருக்கிறது. 14-ஆம் தேதி போன தபால்காரர் திரும்பிவிட்டார். 20-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் வாங்கியிருக்கிறார்கள். டிராக்கிங் பக்கத்தை அச்செடுத்து வைத்துவிட்டேன்.

வாங்கிய நாளை விட்டு 21-ஐ முதல் நாளாக எண்ணினால் ஜனவரியில் 11 நாள், பிப்ரவரியில் 19. ஆக பிப்ரவரி 19 முழுவதும் அவர்களுடையது. 20-க்கு முன் நாங்கள் எதுவும் எழுத முடியாது. 12-ஆம் தேதி நான் குறித்தபடி போயிருந்தால் எட்டு நாள் முன்னதாகவே ரத்து கடிதம் அனுப்பியிருப்பேன். இத்தனை வேலையும் வீணாகியிருக்கும்.

மூன்றாம்மாடி | 29 ஜனவரி, இரவு 10.15

மோசமான செய்தி. இன்று காலை 11 மணிக்கு அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் பேட்டரியோடு வந்திருக்கிறார்கள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கமிட்டி உறுப்பினர் ஒருவர் "அந்தக் கம்பெனியைத்தான் எடுத்தாச்சே, விடாதே" என்று போன வாரமே சொல்லி வைத்திருக்கிறார். வாட்ச்மேனிடம் நானும் சொல்லியிருந்தேன், ஆனால் பகல் ஷிப்ட்காரரிடம் சொல்லவில்லை. கேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒன்பதாவது நாள். எல்லாம் போயிற்றா?

லிஃப்ட்காரன் | 29 ஜனவரி, இரவு 10.40

படம் எடுத்தாங்கன்னா அவங்க வக்கீல் சொல்லித்தான் வந்திருக்காங்க. நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

டெண்டர்தாத்தா | 30 ஜனவரி, காலை 5.50

போகவில்லை, ஆனால் இன்றே செய்ய வேண்டும். வேலை செய்ய வேண்டியவருக்கு அதற்கான வசதியைக் கொடுக்க மறுத்தால் அந்த அளவுக்கு அவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினால் அந்த அவகாசமே இல்லாததாகிவிடும்.

மழுப்பாமல் எழுதுங்கள். 29-ஆம் தேதி உங்கள் ஆட்கள் தவறுதலாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எந்நாளும் வரலாம், இன்னாரைக் கேளுங்கள், இதோ எண். இழந்த நாட்களை அவகாசத்தோடு சேர்க்கிறோம். நடந்ததை மறைக்க வேண்டாம், படம் அவர்களிடம் இருக்கிறது.

மூன்றாம்மாடி | 30 ஜனவரி, காலை 10.30

மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் போயின. 29-ஆம் தேதியிலிருந்து அடுத்து அவர்கள் வரும் நாள் வரை எத்தனை நாளோ, அத்தனை நாள் கெடு நீளும் என்று எழுதினேன். கேட்டில் என் எண்ணோடு தாள் ஒட்டியாயிற்று. அந்த உறுப்பினர் வருத்தப்பட்டார். குற்றம் அவருடையது மட்டுமில்லை. கமிட்டிக்கு நான் நோட்டீஸைத்தான் படித்துக் காட்டினேன். அது ரத்து இல்லை என்பதைப் புரியும்படி சொல்லவில்லை.

மூன்றாம்மாடி | 5 பிப்ரவரி, இரவு 9.20

பிப்ரவரி 3 அன்று வந்தார்கள். ஐந்து நாள் சேர்த்துக் கெடு இப்போது பிப்ரவரி 24. பேட்டரி மாற்றினார்கள். மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்தோம். லிஃப்ட் மெதுவாக மூன்றாவது மாடிக்கு வந்து கதவு திறந்தது. நானே உள்ளே நின்றேன். காணொளியும் எடுத்து வைத்திருக்கிறோம்.

இன்று அவர்கள் வக்கீலின் பதில் வந்தது. மூன்று பக்கம். குடியிருப்பு கட்டணம் பாக்கி வைத்தது, ஆட்களைத் தடுத்தது, லாக் புக் வாட்ச்மேன் எழுதியது, நம்பத்தக்கதல்ல. முதல் இரண்டுக்கும் எங்களிடம் தேதியோடு தாள் இருக்கிறது. மூன்றாவதற்கு நேர்ப் பதில் இல்லை.

வேப்பமரம் | 6 பிப்ரவரி, காலை 9.10

நான் அன்னைக்கு செக்னு நினைச்சு எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆனா முழுசும் படிச்சிட்டு வர்றேன். எங்க அபார்ட்மென்ட்லயும் தண்ணி லாரிக்காரரோட இதே சண்டை. எங்களுக்கு ஒப்பந்தமே வாய்மொழிதான். நோட்டீஸ் எதைப் பார்த்து எழுதறது?

டெண்டர்தாத்தா | 6 பிப்ரவரி, மாலை 6.00

உங்களுடையதற்குத் தனியாகப் பேசுவோம். பழைய பில்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் திரட்டி வையுங்கள். என்ன பேசினீர்கள் என்பது அவற்றிலிருந்துதான் தெரியும்.

மூன்றாம்மாடி | 25 பிப்ரவரி, காலை 7.45

நேற்று நள்ளிரவோடு கெடு முடிந்தது. கணக்கு இது. பேட்டரி சரி. முழுச் சர்வீஸ் பிப்ரவரி 12 அன்று நடந்தது, அளவீடுகளோடு அறிக்கை வந்தது. பொறுப்பான டெக்னீஷியன் பெயர், எண் வந்தது. அவகாசக் காலத்தில் நான்கு அழைப்பு. மூன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வந்தார்கள். பிப்ரவரி 17 இரவு அழைப்புக்கு ஆறு மணி நேரம் பத்து நிமிடம்.

ஒவ்வொரு அழைப்புக்கும் என்றுதான் நோட்டீஸில் எழுதியிருக்கிறோம். அப்படியானால் சரிசெய்யவில்லை. முடிக்கலாமா?

நூல்மில் | 25 பிப்ரவரி, காலை 8.30

முடிங்க. எழுத்துல இருக்கு. இப்ப விட்டா ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடும், மறுபடி முதல்ல இருந்து நோட்டீஸ்.

லிஃப்ட்காரன் | 25 பிப்ரவரி, காலை 8.55

நாலுல மூணு வந்திருக்காங்க, மத்த ரெண்டையும் முழுசா செஞ்சிருக்காங்க. இதுக்கு மேல என்னங்க வேணும்? 17 ராத்திரி என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?

மூன்றாம்மாடி | 25 பிப்ரவரி, காலை 9.15

கேட்டேன். டெக்னீஷியன் வேறொரு கட்டடத்தில் ஆள் சிக்கியிருந்த இடத்தில் இருந்தாராம். ஒப்பந்தத்தில் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் அது பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

டெண்டர்தாத்தா | 25 பிப்ரவரி, மாலை 7.10

நூல்மில் சொல்வதற்கு எழுத்தின் பலம் இருக்கிறது. நானாக இருந்தால் முடிக்கமாட்டேன். மூன்றில் இரண்டை முழுதாகவும் மூன்றாவதைப் பெரும்பகுதியும் சரிசெய்தவரை ஒரே ஓர் இரவுக்காக வெளியேற்றினால், ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் நோட்டீஸ் கொடுத்தீர்கள் என்று வாதாடுவார்கள். கேட்டை மூடிய படமும் அவர்களிடம் இருக்கிறது. முடிக்காவிட்டாலும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கெடு முடிந்தபின் சும்மா இருந்து அடுத்த காலாண்டுக் கட்டணத்தையும் கட்டினால், அந்த உரிமையை நீங்களே கைவிட்டதாக ஆகிவிடும்.

நூல்மில் | 25 பிப்ரவரி, இரவு 8.00

தாத்தா சொல்றதை மதிக்கறேன், ஆனா ஒத்துக்கல. கான்ட்ராக்ட்ல "பெரும்பகுதி" ங்கற வார்த்தையே இல்லையே.

மூன்றாம்மாடி | 1 மார்ச், மாலை 6.40

பொதுக்குழுவில் 31 பேர் தொடரலாம் என்றும் 14 பேர் முடிக்கலாம் என்றும் வாக்களித்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்த அம்மா முடிக்க வேண்டும் என்று வாக்களித்தார்.

நாளை போகும் கடிதத்தில் மூன்று விஷயம். முதல், மூன்றாம் மீறல்கள் சரிசெய்யப்பட்டதை ஏற்கிறோம். இரண்டாவது முழுமையாகச் சரியாகவில்லை, பிப்ரவரி 17 அழைப்பு நேரங்களோடு இணைப்பில் உள்ளது. 15-ஆம் பிரிவின் உரிமையை இப்போது பயன்படுத்தவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. இதில் இன்னொரு வாக்கியமும் சேர்க்கப் பார்க்கிறோம்: அடுத்த ஆறு மாதத்தில் இதே மீறல் இரண்டு முறை நடந்தால் மறுபடி அவகாசம் இல்லாமல் முடிக்கலாம். இது ஒப்பந்தத்தையே மாற்றுவது. அதனால் அவர்களும் கையெழுத்திட வேண்டும், நாங்கள் தனியாக எழுதிப் பயனில்லை. அதற்குத் துணை ஒப்பந்த வரைவு ஒன்றைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கிளை மேலாளர் போனில் "பார்க்கலாம்" என்றார்.

லாக் புக்கைக் கட்டம் போட்ட புதிய நோட்டாக மாற்றியாயிற்று: கூப்பிட்ட நேரம், வந்த நேரம், டெக்னீஷியன் கையெழுத்து. நேற்று ஏ லிஃப்ட் கதவு ஒட்டிக்கொண்டது. 4.20-க்குக் கூப்பிட்டோம், 5.35-க்கு வந்தார், கையெழுத்துப் போட்டார்.